முடிவை மாற்றாத பக்கங்கள்

அன்புள்ள ஐயா,

காட்பாடியில் என் மாமா பம்ப்செட், தண்ணீர்த் தொட்டிக் கடை வைத்திருக்கிறார். சீனாவிலிருந்து சோலார் வாட்டர் ஹீட்டர் இறக்குமதி செய்யலாமா என்று யோசிக்கிறார். அந்தத் திட்டத்தையே எம்.பி.ஏ. ப்ராஜெக்டாக எழுதினேன். அரசியல், பொருளாதாரம், சட்டம் மட்டுமே முப்பது பக்கம் வந்துவிட்டது. "இதில் முடிவை மாற்றுவது எது? அதை மட்டும் வை" என்று பேராசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு எல்லாமே முக்கியமாகத் தெரிகிறது. எதை வெட்டுவது? அட்டவணையாகக் கொடுப்பதா, கட்டுரையாகவா? அறிக்கையை இணைத்திருக்கிறேன்.

ம., காட்பாடி

அன்புள்ள ம.,

வங்கியில் இருந்த காலம் முழுவதும் இப்படிப்பட்ட அறிக்கைகளைப் படித்துத்தான் கடன் கொடுத்தேன், மறுத்தேன். உங்கள் கடிதம் வந்தபோது அந்த நினைப்பில்தான் இருந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணையா கட்டுரையா என்பதை உங்கள் பேராசிரியரிடமே விட்டுவிடுங்கள்.

முதலில் ஒரு கோபம். 2022 ஏப்ரலில் சோலார் பேனலுக்கு 40 சதவீதச் சுங்கவரி வந்தது என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அது மின்சாரம் தயாரிக்கும் பேனலுக்கான வரி. உங்கள் மாமா கொண்டுவரப்போவது வெந்நீர்க் குழாயும் தொட்டியும். 'சோலார்' என்று தேடி வந்ததையெல்லாம் ஒட்டியிருக்கிறீர்கள். நல்லா உழைக்கிற பிள்ளை இப்படிச் செய்யலாமா? அதேபோல் பாலாற்றுத் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. நம் மாவட்டத்துக்காரர் எல்லோரும் படிக்க வேண்டிய தீர்ப்புதான். ஆனால் அதைப் படித்துவிட்டு உங்கள் மாமா ஒரு செட் கூடவோ குறையவோ வாங்கமாட்டார். எடுத்துவிடுங்கள்.

இனி ஜி.எஸ்.டி.க்கு வருகிறேன். இதில்தான் உங்களோடு சண்டை. 2017இல் 5 சதவீதம், 2022 ஜூலையில் 12, 2025 செப்டம்பரில் மறுபடியும் 5 என்று வரலாறு சரியாகத்தான் இருக்கிறது. அதை 'மிக முக்கியக் காரணி' என்று முதலில் வைத்திருக்கிறீர்கள். மாமாவின் முன்னால் இருக்கும் முடிவு என்ன? முழு செட்டாக இறக்குவதா, அல்லது கண்ணாடிக் குழாயை மட்டும் வாங்கி, தொட்டியையும் ஸ்டாண்டையும் ராணிப்பேட்டைப் பக்கம் அடித்து இங்கேயே பூட்டி விற்பதா. இதுதானே? போட்டுப் பார்ப்போம்.

ஒரு செட் சென்னைத் துறைமுகம் வந்துசேரும் விலை, சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து, 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சுங்கவரி கணக்குக்காக 10 சதவீதம். அது 1,000. அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, அது 100. ஆக 11,100. இங்கேயே பூட்டினால் 12,000 ஆகிறது என்று கொள்வோம். இடைவெளி 900.

இப்போது ஒவ்வொரு காரணியையும் இந்த 900இன் மேல் வைத்துப் பாருங்கள். ஜி.எஸ்.டி. 5 ஆக இருந்தால் இரண்டின் மேலும் 5, 12 ஆனால் இரண்டின் மேலும் 12. இறக்குமதியின்போது கட்டியதை விற்கும்போது வரவு எடுத்துக்கொள்ளலாம். இரண்டில் எது மலிவு என்பது மாறவே இல்லை. மாறுவது, சரக்கு விற்கும்வரை முடங்கிக் கிடக்கும் பணம்: 100 செட்டுக்கு 5 சதவீதத்தில் 55,500 ரூபாய், 12 சதவீதத்தில் 1,33,200. அது வங்கியில் எவ்வளவு கேட்பது என்ற முடிவுக்கு உரியது. அங்கே ஒரு வரியில் எழுதுங்கள். வீட்டுக்காரரும் சின்ன லாட்ஜ்காரரும் அந்த வரியை வரவு எடுக்க முடியாது, அவர்களுக்கு அது விலைதான். ஆனால் எந்த வழியில் வந்த செட்டை வாங்கினாலும் அதே வரிதான்.

சுங்கவரி அப்படியல்ல. அது ஒரு சதவீதம் ஏறினால் செட்டுக்கு 110 ரூபாய். 10 என்பது 18ஐத் தாண்டினால் 900 கரைந்துவிடும். டாலர் 8 சதவீதம் ஏறினாலும் ஏறக்குறைய அதே கதை. ஏறக்குறைய என்கிறேன், ஏனென்றால் இங்கே பூட்டும் செட்டிலும் குழாய் வெளிநாட்டுச் சரக்குதான், அதன் விலையும் சேர்ந்து ஏறும். அதனால் டாலர் இன்னும் கொஞ்சம் ஏறினால்தான் முடிவு புரளும். அப்படியானால் உங்கள் அறிக்கைக்கு வேண்டியது பத்தாண்டு ரூபாய் மதிப்பு வரைபடம் அல்ல. முன்பணம் கட்டிய நாளுக்கும் பாக்கி கட்டும் நாளுக்கும் நடுவில் 8 சதவீதத்துக்கு மேல் நகருமா, நகர்ந்தால் யார் தலையில் விழும், அவ்வளவுதான்.

இந்த 900 ரூபாயை எழுதாமல் எந்தக் காரணியையும் 'முக்கியம்' என்று சொல்ல உங்களுக்கு உரிமையில்லை.

சட்டப் பகுதியில் இந்தியத் தர முத்திரை கொடுக்கும் பி.ஐ.எஸ். அமைப்பு பற்றி மூன்றே வரி. என் வயிற்றைக் கலக்கியது அதுதான். நான் வேலூரில் இருந்தபோது மின்சாமான் வியாபாரி ஒருவருக்கு எல்.சி. திறந்தோம், அதாவது வெளிநாட்டு விற்பனையாளருக்குப் பணம் தருவோம் என்று வங்கி எழுதிக் கொடுக்கும் உறுதி. அவருடைய அறிக்கையிலும் சட்டச் சூழல் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. தர முத்திரை கட்டாயமான சரக்கு. வெளிநாட்டில் விற்பவரிடம் உரிமமும் இருந்தது. ஆனால் பி.ஐ.எஸ். வெளிநாட்டு உரிமம் கொடுப்பது இறக்குமதியாளருக்கல்ல, தயாரிப்பாளருக்கு. அதிலும் குறிப்பிட்ட ஆலைக்கு. அதிகாரிகள் ஆலையைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். விற்றவர் ஆர்டர் நெருக்கடியில் தன் வேறொரு ஆலையில் சரக்கைத் தயாரித்து அனுப்பிவிட்டார். சுங்கத்தில் பெட்டியைத் திறந்தபோது லேபிளில் இருந்த ஆலை முகவரி ஒன்று, உரிமத்தில் இருந்தது வேறொன்று. கன்டெய்னர் நின்றுவிட்டது. எல்.சி.யில் வங்கி பார்ப்பது காகிதத்தை, சரக்கை அல்ல. காகிதம் சரியாக இருந்ததால் நாங்கள் பணத்தைக் கொடுத்துவிட்டோம், கொடுத்தாக வேண்டும். துறைமுகத்தில் சரக்கு தேங்கியதற்கான டெமரேஜ் கட்டணம் நாள்தோறும் ஏறியது. அந்த மனிதர் மதிய வெயிலில் வந்து என் மேஜை முன்னால் பேசாமல் உட்கார்ந்திருப்பார். மனைவியின் நகைதான் ஈடு.

சோலார் வெந்நீர் சாதனத்துக்கும் இந்தியத் தரங்கள் உண்டு. கண்ணாடிக் குழாய் வகை செட்டுக்கு ஐ.எஸ். 16544, தட்டை வகைச் சேகரிப்பானுக்கு ஐ.எஸ். 12933. சரக்கு வரும் நேரத்தில் நடப்பில் இருக்கும் கட்டாயத் தர ஆணைக்குள் மாமாவின் பொருள் வந்தால், எந்த ஆலையிடம் வாங்குவது என்ற முடிவை விலை எடுக்காது, உரிமம்தான் எடுக்கும். உரிமம் இல்லாத ஆலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் பட்டியலில் இருக்கக்கூடாது. உரிம எண், அதில் உள்ள ஆலை முகவரி, இரண்டையும் கொள்முதல் ஒப்பந்தத்திலும் எல்.சி. நிபந்தனையிலும் எழுத வேண்டும். இதற்கு முழுப் பக்கம் கொடுங்கள், தப்பில்லை.

அரசியல் பகுதியில் ஒன்றே ஒன்று நிற்கும். நீங்கள் எழுதியிருக்கும் இந்திய-சீன உறவு வரலாறு அல்ல அது. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணை. உள்நாட்டுப் பங்கு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், உலக டெண்டராக இல்லாதவரை, மத்திய அரசு நிறுவனங்களின் டெண்டரில் கலந்துகொள்ளவே முடியாது. 50 சதவீதம் இருந்தால் முன்னுரிமை கிடைக்கும் முதல் வகுப்பு. காட்பாடி ரயில்வே ஓய்வறையும் ராணிப்பேட்டை பெல் விருந்தினர் விடுதியும் மாமாவின் கனவில் இருந்தால், முழு செட் இறக்குமதி அந்தக் கதவை அடைத்துவிடும், 900 ரூபாய் மிச்சம் பிடித்தும் பயனில்லை. சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள லாட்ஜ்களுக்கு மட்டும்தான் விற்பார் என்றால் இந்த ஆணையையும் வெட்டிவிடலாம். அதனால் மாமாவிடம் முதலில் கேட்க வேண்டியது யாருக்கு விற்கப்போகிறார் என்பதை. அதை உங்கள் முப்பது பக்கத்தில் எங்கேயும் காணோம்.

கேட்டு எழுதுங்கள். ஆலைகள் அனுப்பிய விலைப்பட்டியலும் இருந்தால் சேர்த்து அனுப்புங்கள், உரிம முகவரியை நானும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். கார்த்திகைக் குளிருக்குக் கடையில் சரக்கு வேண்டுமென்றால் ஆடிக்குள் ஆர்டர் போயாக வேண்டும்.