மாசத்துக்கு நடுவுல குடி போனா முதல் வாடகை எவ்வளவு? வாசகர் கேள்விகளுக்கு பதில்

கேள்வி: மாச வாடகை 9,300. நான் ஜனவரி 18ஆம் தேதி குடி போறேன். ஓனர் 14 நாள் கணக்கு போடறார், எனக்கு 13 நாள்தான் வருது. எது சரி?

ஓனர் சொல்றதுதான் சரி. நீங்க 31-ல இருந்து 18-ஐ கழிச்சிருப்பீங்க, அப்படி கழிச்சா குடி போற அந்த 18ஆம் தேதியே கணக்குல இருந்து விழுந்துடும், அன்னைக்கு ராத்திரி நீங்க அந்த வீட்லதானே தூங்கப் போறீங்க, அதனால கழிச்சு வந்ததோட ஒண்ணு கூட்டிக்கணும். 14 நாள். 9,300-ஐ 31-ஆல வகுத்தா நாளுக்கு 300, ஆக 4,200.

சிலபேர் எந்த மாசமா இருந்தாலும் 30-ஆல வகுப்பாங்க. அப்ப நாளுக்கு 310, 14 நாளுக்கு 4,340 ஆகுது. வருஷ வாடகைய 365-ஆல வகுக்கறவங்களும் உண்டு, அதுல கிட்டத்தட்ட 4,280 வரும். மூணுமே புழக்கத்துல இருக்கற முறைதான், அக்ரிமெண்ட்ல எது எழுதியிருக்கோ அதுதான் செல்லும். ஒண்ணுமே எழுதலைன்னா அந்த மாசத்துல நிஜமா எத்தனை நாளோ அதால வகுக்கச் சொல்லி கேளுங்க, என்னைக் கேட்டா அதுதான் நியாயம். காலி பண்ற மாசத்துக்கும் இதே முறைதான்னு ஒரு வரி சேர்த்து எழுதி வாங்கிடுங்க, வரும்போது ஒரு கணக்கு போகும்போது ஒரு கணக்குன்னு ஆனா அங்கதான் சண்டை வரும்.

கேள்வி: நானும் 18ஆம் தேதிதான், அதே 9,300 வாடகை. ஆனா ஓனர் சாவி கொடுக்கும்போதே டெபாசிட்டோட முழு மாச வாடகையும் கேக்கறார். "அடுத்த மாசம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்"னு சொல்றார். ஏமாத்தறாரா?

அப்படி சொல்லிட முடியாது. மாசக் கடைசில குடி வர்றவங்ககிட்ட நாலஞ்சு நாள் வாடகைய மட்டும் வாங்கிட்டு சாவி கொடுக்க பல ஓனர்களுக்கு தயக்கம் இருக்கும், அதனால முதல்ல முழுசா வாங்கிட்டு, நாள் கணக்கு வாடகைய ரெண்டாவது தடவை கட்ட விடுவாங்க. மொத்தத்துல ஒரே பணம்தான், எப்ப கட்டறீங்கங்கறதுதான் மாறுது.

ஆனா அந்த "அட்ஜஸ்ட்" எவ்வளவுங்கறத இப்பவே பேசி முடிச்சிடணும். பிப்ரவரி முடியற வரைக்கும் உங்க கடன் எவ்வளவு? ஜனவரிக்கு 4,200, பிப்ரவரிக்கு 9,300, மொத்தம் 13,500. குடி போற அன்னைக்கு 9,300 கட்டிட்டீங்க. அப்ப பிப்ரவரி 1ஆம் தேதி மீதி 4,200 கட்டினா போதும், மார்ச்ல இருந்து வழக்கம்போல முழு வாடகை. இங்க நிறைய பேர் பழக்கத்துல பிப்ரவரி 1ஆம் தேதியும் 9,300 கட்டிடறாங்க. அப்படி கட்டினா ரெண்டு தடவையும் சேர்த்து 18,600, அதாவது 5,100 கூடுதல். மாசா மாசம் தானா போற மாதிரி பேங்க்ல செட் பண்ணி வெச்சிருந்தீங்கன்னா இது கண்ணுக்கே தெரியாது, அதனால அந்த தானியங்கி கட்டணத்த மார்ச்ல இருந்து ஆரம்பிங்க. ஓனருக்கு ஒரே ஒரு மெசேஜ்: "இன்னைக்கு வாடகை 9,300 கொடுத்தேன், பிப்ரவரி 1ஆம் தேதி 4,200, மார்ச் 1 முதல் 9,300". அவர் சரின்னு பதில் போட்டதும் பத்திரமா வெச்சுக்குங்க.

கேள்வி: பாதி மாசம்தானே இருக்கப் போறேன், டெபாசிட்டும் பாதியா கொடுக்கலாமா?

இல்லைங்க. வாடகை இருக்கற நாளுக்கு, டெபாசிட் வீட்டுக்கு ஏதாவது சேதமோ வாடகை பாக்கியோ வந்தா ஈடு கட்ட, அதுக்கும் நாளுக்கும் சம்பந்தம் கிடையாது. முழு மாச வாடகைய வெச்சுதான் டெபாசிட் பேசுவாங்க. ரெண்டையும் ஒரே தொகையா அனுப்பாதீங்க, தனித்தனியா அனுப்பி தனித்தனி ரசீது வாங்குங்க. ஒண்ணா போச்சுன்னா காலி பண்றப்போ திருப்பித் தர வேண்டியது எவ்வளவுன்னு நீங்கதான் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: அக்ரிமெண்ட்ல 15ஆம் தேதின்னு இருக்கு, பெயிண்ட் வேலை முடியலன்னு 18ஆம் தேதிதான் சாவி கிடைச்சுது. அந்த மூணு நாள் வாடகை?

வீடு தயாரா இருந்து நீங்க லேட்டா போயிருந்தா அந்த மூணு நாளும் உங்க தலையிலதான். இங்க ஓனர் பக்கம் லேட், அதனால குறைக்கச் சொல்லி கேக்கறதுல தப்பே இல்ல. ஆனா காகிதத்துல 15 இருக்கற வரைக்கும் பேச்சுல சொன்னது நிக்காது, ஆரம்ப தேதிய 18-ன்னு மாத்தி ரெண்டு பேரும் பக்கத்துல கையெழுத்து போடுங்க. சாவி வாங்கற அன்னைக்கு கரண்ட் மீட்டரையும் ஒரு போட்டோ எடுத்துடுங்க, பெயிண்டர் ஓட்டின யூனிட்டும் உங்க பில்லுல வந்து சேரக்கூடாது.