வாசலில் முதல் கேள்வி

"கிளிநொச்சிப் பக்கம் ஒரு சபை. ஞாயிறு வாசலில் நின்று வரவேற்க என்னை விட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த ஒரு அக்காவிடம் ரெண்டு கேள்விதான் கேட்டேன், முகம் மாறிவிட்டது. பிறகு வரவே இல்லை. என்னதான் சொல்வது?"

எந்த ஊர், வீட்டில் யார் யார் என்று கேட்டிருப்பீர்கள். வேறு இடத்தில் அது சாதாரணப் பேச்சு. 2009க்குப் பிறகு வன்னியில் அதற்கு வாசலில் நின்றபடி பதில் சொல்ல முடியாதவர்கள் நிறைய. நானும் அப்படிக் கேட்டு ஒருவரை அழ வைத்திருக்கிறேன்.

இப்போது நான் சொல்வது இவ்வளவுதான்: "வணக்கம் அக்கா, வாங்கோ. நான் இன்னார். எங்க இருக்க விருப்பம், பின்னுக்கோ நடுவிலயோ?" அவர் தன் பெயரைச் சொன்னால் சரி, சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். கை கூப்பினால் போதும், தோளில் தட்ட வேண்டாம்.

எங்கேயும் சரி என்றால், பின்னாலிருந்து மூன்றாம் வரிசையின் ஓரம் காட்டுங்கள். முன்னால் இருப்பவர்களைப் பார்த்து எழும்பலாம், இருக்கலாம். இடையில் போக நினைத்தாலும் யாரையும் தாண்டத் தேவையில்லை. கடைசி வரிசை பிந்தி வருபவர்களுக்கு. பாட்டுப் புத்தகத்தை முதல் பாட்டில் திறந்து கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். பக்கத்தில் குந்திக் கதைக்காதீர்கள்.

ஜெபமோ வேத வாசிப்போ நடக்கும்போது வந்தால் வாசலில் உங்களோடு நிற்கட்டும், பாட்டு தொடங்கியதும் கூட்டிப் போங்கள். அப்புறம், "புதியவர்கள் எழும்புங்கோ" என்று மேடையிலிருந்து சொல்லும் வழக்கம் இருந்தால் போதகரிடம் பேசி நிறுத்துங்கள். முடிந்து போகும்போது "போயிட்டு வாங்கோ அக்கா", அவ்வளவுதான். தொலைபேசி இலக்கம் அவராகத் தந்தால் வாங்குங்கள்.