600-ஐ அடித்துவிட்டு 399 போடலாமா?

> "ஏற்காடு காபித்தூள் விற்கிறேன். அரை கிலோ 400 ரூபாய். பக்கத்தில் 600 என்று போட்டு அடித்துவிட்டு 399 காட்டினால் தப்பா?"

399 தப்பில்லை. 600 தப்பு, நீங்கள் அந்த விலைக்கு ஒருநாளும் விற்றதில்லை என்றால். அடித்த விலையைப் பார்ப்பவர் "முன்னால் இதுதான் விலை" என்றே எடுத்துக்கொள்வார். செவ்வாய்ப்பேட்டையில் என் கடை மிளகுக்கு நானும் ஒருமுறை இப்படிப் போட்டேன். ஒரு அம்மா பழைய பில்லை போட்டோ எடுத்து அனுப்பினார்: "போன மாசமும் இதே விலைதானே தம்பி?" பதில் சொல்ல முடியவில்லை.

ஒப்பிட ஒரு விலை வேண்டும், சரி. அது உங்களிடமே இருக்கிறது. கால் கிலோ பாக்கெட்டை 220-க்கு நிஜமாகவே விற்றால், அரை கிலோவுக்குக் கீழே இப்படி எழுதுங்கள்: "இரண்டு கால் கிலோ வாங்கினால் 440, இது 399." 41 ரூபாய் மிச்சம், யார் கணக்குப் போட்டாலும் சரியாக வரும். 100 கிராம் விலையையும் சேர்த்துப் போடுங்கள்: கால் கிலோ பாக்கெட்டில் 88 ரூபாய், அரை கிலோவில் 79.80 ரூபாய்.

399-இல் கண் முதலில் பிடிப்பது இடது பக்க 3-ஐ. அதனால்தான் 400-ஐ ஒரு ரூபாய் குறைத்தால் எடுபடுகிறது; 385-ஐ 384 ஆக்கினால் ஒன்றும் நடக்காது.

அப்புறம், கூரியர் 60 ரூபாயைக் கடைசிப் பக்கத்தில் காட்டாதீர்கள். விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். 399 பார்த்து வந்தவர் 459 பார்த்தால் கூடையை அப்படியே விட்டுவிட்டுப் போவார். கடைசியில் கட்டணம் சேர்ப்பதை 2023-இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலும் தடை செய்கிறது.