ஓகன் விதியும் மாட்டுத் தொழுவமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொழிஞ்சாம்பாறையில் பி.காம். பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறேன். உற்பத்தி 2% குறைந்தால் வேலையின்மை 1% கூடும் என்று ஓகன் விதியைச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு மாணவி எழுந்து, "2020-21இல் ஜிடிபி 5.8% சரிந்தது, ஆனால் வேலையின்மை 4.8%இலிருந்து 4.2%க்கு இறங்கியிருக்கிறதே சார்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் ஊரிலிருந்து கோவை ஃபவுண்டரிகளுக்குப் போகிறவர்கள் பலர் அந்த வருடம் வேலையில்லாமல் வீட்டில் இருந்ததைக் கண்ணால் பார்த்தேன். விதி பொய்யா, புள்ளிவிவரம் பொய்யா? இந்த விதியை வைத்து அடுத்த மந்தநிலையை முன்கூட்டியே சொல்ல முடியுமா? வேலையின்மை எப்போதும் அதிகமாக இருக்கும் கேரளத்துக்கு இது பொருந்துமா?

எம்., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள எம்.,

முதலில் அந்தப் பெண்ணுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். இரண்டு அட்டவணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது ஒத்துப்போகவில்லையே என்று பார்க்கத் தெரிந்த பிள்ளை அவள். உங்கள்மேல்தான் எனக்கு வருத்தம். பதில் தெரியாதபோது "பொய்" என்ற சொல்லை எடுக்காதீர்கள். அந்த எண்கள் எதை எண்ணின, எந்த மாதத்தில் எண்ணின என்று பார்த்துவிட்டீர்களா? பார்க்காமலே எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் விதியைச் சொன்ன விதமே தவறு. ஆர்தர் ஓகன் 1962இல் எழுதிய கட்டுரையில் 1947 முதல் 1960 வரையிலான அமெரிக்கக் காலாண்டுக் கணக்குகள் 55ஐ எடுத்துக்கொண்டு ஒரு கோடு போட்டார். அதை உங்கள் கரும்பலகையில் இப்படி எழுதலாம்:

Δu = 0.30 − 0.30 g

u என்பது வேலையின்மை விகிதம், g என்பது அந்தக் காலாண்டில் உற்பத்தி வளர்ந்த சதவீதம். உற்பத்தி கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றால் g பூஜ்யம். அப்போதும் வேலையின்மை 0.3 புள்ளி ஏறுகிறது. அது ஏறாமல் நிற்க வேண்டும் என்றால் காலாண்டுக்கு 1% வளர்ச்சி வேண்டும். ஏன் என்றால், ஒவ்வொரு வருடமும் புதிதாக வேலை தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களும் போன வருடத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக உற்பத்தி செய்கிறார்கள். இந்த இரண்டையும் ஈடுகட்டும் அளவுக்காவது வளர்ச்சி இருக்க வேண்டும். ஆகவே வேலையின்மை ஏற உற்பத்தி சரிய வேண்டும் என்பதில்லை, வளர்ச்சி அந்த வாசலுக்குக் கீழே வந்தாலே போதும். நீங்கள் சொன்ன "இரண்டுக்கு ஒன்று" பிற்காலத்து அமெரிக்கக் கணக்கு. அதில் வாசல் ஆண்டுக்குச் சுமார் 3%. 2009இல் அமெரிக்க உற்பத்தி சுமார் 2.6% சரிந்தது. வாசலிலிருந்து தூரம் 5.6, அதில் பாதி 2.8. உண்மையில் வேலையின்மை 5.8%இலிருந்து 9.3%க்குப் போனது, அதாவது 3.5 புள்ளி. இது தோராய விதி. அதற்கு இந்த அளவு துல்லியம்தான் உண்டு.

உற்பத்தி 2% அல்லது 3% தள்ளாடினால் வேலையின்மை ஏன் 1 புள்ளி மட்டும் ஏறுகிறது, மீதி எங்கே போகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் ஊர்க்காரர்கள் போகிற ஃபவுண்டரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 பேர் வேலை செய்கிறார்கள். ஷிப்ட் 8 மணி நேரம், ஓவர்டைம் 1 மணி நேரம். ஆக ஒரு நாளில் 900 மணி நேர உழைப்பு. பம்ப் பாடி வார்ப்புகள் நாளைக்கு 10 டன் வெளியே போகின்றன. ஒரு மணி நேர உழைப்புக்குச் சுமார் 11.1 கிலோ.

ஆர்டர் 10% குறைந்து 9 டன்னாகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாளி உடனே 10 பேரை அனுப்பிவிடுவதில்லை. முதலில் ஓவர்டைமை அரை மணி நேரமாக வெட்டுவார். அடுத்து 3 பேரை, பெரும்பாலும் கான்ட்ராக்ட் ஆட்களை, வர வேண்டாம் என்பார். மீதி 97 பேர் 8.5 மணி நேரம் வேலை செய்தால் 824.5 மணி நேரம். அதில் 9 டன் என்றால் மணிக்குச் சுமார் 10.9 கிலோதான். யாரும் சோம்பேறியாகிவிடவில்லை. உலையில் முழுச் சுமை உருக்கினாலும் முக்கால் சுமை உருக்கினாலும் நிற்க வேண்டிய ஆட்கள் அதே எண்ணிக்கைதான். நல்ல மோல்டரை அனுப்பிவிட்டால் ஆர்டர் திரும்பும்போது கிடைக்கமாட்டார் என்று முதலாளியும் அவரைப் பிடித்து வைத்துக்கொள்வார். 10% சரிவில் ஐந்தரைக்கு மேல் வேலை நேரத்தில் கரைந்தது, ஏறத்தாழ 2 உற்பத்தித் திறனில் கரைந்தது, வேலையிழந்த தலைகள் 3 மட்டுமே.

அந்த 3 பேரும் வேலையற்றோர் கணக்கில் ஏறினார்களா என்றால், அதுவும் இல்லை. கணக்கெடுப்பில் "வேலையற்றவர்" என்றால் வேலை தேடுகிறவர், கிடைத்தால் போகத் தயாராக இருப்பவர். மூவரில் ஒருவர் ஊருக்குத் திரும்பி அப்பாவின் தென்னந்தோப்பில் மட்டை பொறுக்கினால் அவர் குடும்பத் தொழிலில் உதவியாளர். கூலி ஒரு ரூபாய்கூட இல்லாவிட்டாலும் வேலையில் இருப்பவர். ஆக 10க்கு 2. ஒரே நாட்டிலும் இந்த விகிதம் காலத்துக்குக் காலம் மாறுவதற்கும், நாட்டுக்கு நாடு வேறுபடுவதற்கும் காரணம், சரிவின் அடியைத் தாங்கிக்கொள்ளும் இந்த மெத்தைகளின் தடிமன்தான். 2009இல் ஜெர்மனியின் உற்பத்தி 5%க்கும் மேல் சரிந்தது, வேலையின்மை அரைப் புள்ளிகூட ஏறவில்லை. ஆட்களை அனுப்பாமல் வேலை நேரத்தைக் குறைத்தால் இழந்த சம்பளத்தில் ஒரு பங்கை அரசு கொடுக்கும் குறுநேர வேலைத் திட்டம் அங்கே இருந்தது. ஸ்பெயினில் தற்காலிக ஒப்பந்தக்காரர்கள் அதிகம். அங்கே அதே வருடம் ஏறத்தாழ 4% சரிவுக்கு வேலையின்மை 11%இலிருந்து 18%க்குத் தாவியது.

இனி உங்கள் மாணவியின் எண்களுக்கு வருகிறேன். இதை நிதானமாகப் படியுங்கள். ஜிடிபியின் 2020-21 என்பது ஏப்ரல் 2020 முதல் மார்ச் 2021 வரை. தொழிலாளர் கணக்கெடுப்பான பி.எல்.எஃப்.எஸ்.ஸின் 2020-21 என்பது ஜூலை 2020 முதல் ஜூன் 2021 வரை. ஊரடங்கின் மிகக் கொடிய ஏப்ரல்-ஜூன் 2020 ஜிடிபியில் 2020-21க்குள் வருகிறது, கணக்கெடுப்பிலோ முந்தைய வருடமான 2019-20க்குள் போய்விடுகிறது. ஒரே பெயருள்ள இரண்டு வருடங்களை ஒன்றென்று நினைத்துக் கழித்திருக்கிறீர்கள்.

அடுத்தது இன்னும் பெரிய பிழை. 4.8, 4.2 இரண்டும் "வழக்கமான நிலை" எண்கள். அதில் கடந்த 365 நாட்களைத் திரும்பிப் பார்த்து, பெரும்பகுதி நாட்கள் வேலை தேடியிருந்தாலும் துணை வேலையாக 30 நாட்கள் எதையாவது செய்திருந்தால் "வேலையில் இருப்பவர்" என்று எழுதுவார்கள். நான்கு மாதம் வீட்டில் கிடந்த உங்கள் ஊர்க்காரர் மீதி எட்டு மாதம் வேலைக்குப் போயிருந்தால், இந்த எண்ணில் அந்த நான்கு மாதத்தின் சுவடே இருக்காது. வறுமையையும் நீண்டகாலப் போக்கையும் பார்க்க இது நல்ல அளவை. காலாண்டு அதிர்ச்சியைப் பிடிக்க இதைப் பயன்படுத்துவது காய்ச்சல் பார்க்க எடைபோடும் இயந்திரத்தில் ஏறி நிற்பது மாதிரி.

அதிர்ச்சியைப் பிடிக்க "நடப்பு வார நிலை" இருக்கிறது. கடந்த 7 நாட்களில் 1 மணி நேரம் வேலை செய்திருந்தாலும் வேலையில் இருப்பவர் என்று எண்ணும் அளவை அது. அவ்வளவு தாராளமான அளவையிலேயே நகர்ப்புற வேலையின்மை ஜனவரி-மார்ச் 2020இல் 9.1%, ஏப்ரல்-ஜூனில் 20.8%, அடுத்த காலாண்டில் 13.2%, அதற்கடுத்து 10.3%. ஏப்ரல்-ஜூனில் ஜிடிபி முந்தைய வருடத்தைவிட ஏறத்தாழ 24% சரிந்திருந்தது. ஏற்றம் 11.7 புள்ளி. இரண்டுக்கு ஒன்று வருகிறதே என்று வகுப்பில் கொண்டாடிவிடாதீர்கள். ஒன்று நாடு முழுவதன் உற்பத்தி, மற்றது நகர்ப்புறம் மட்டும். அந்தச் சரிவும் அரசு கதவைச் சாத்தியதால் வந்தது. ஆனால் திசை சரியாகவே இருந்தது என்பதை மாணவிக்குக் காட்டுங்கள்.

அப்படியானால் வருட விகிதம் இறங்கியது எப்படி? உங்கள் தாலுகாவில் ஒரு வீட்டைப் பாருங்கள். கணவருக்கு ஃபவுண்டரியில் வேலை போனது. அவர் அண்ணனின் வயலில் கை கொடுக்கிறார். மனைவி இரண்டு மாடு வாங்கி பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறார். முன்பு அந்த வீட்டில் வேலையில் இருந்தவர் ஒருவர், மனைவி தொழிலாளர் படையிலேயே, அதாவது வேலையில் இருப்போரும் வேலை தேடுவோரும் சேர்ந்த கணக்கிலேயே, இல்லை. இப்போது வேலையில் இருப்பவர்கள் இருவர், வேலையற்றவர் யாரும் இல்லை. வீட்டு வருமானம் பாதியாகிவிட்டது, வேலையின்மை விகிதத்துக்கு வகுக்கும் எண்ணான தொழிலாளர் படையில் ஒரு தலை கூடிவிட்டது. இது ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களின் தொழிலாளர் படைப் பங்கேற்பு 2019-20இல் 30.0% இருந்தது, 2020-21இல் 32.5% ஆனது. வேளாண்மையில் இருப்போர் பங்கு 2018-19இல் 42.5%, 2020-21இல் 46.5%. மாதச் சம்பளக்காரர் பங்கு 2019-20இலிருந்து 2020-21க்குள் 22.9%இலிருந்து 21.1%க்கு இறங்கியது. வேலையற்றோரில் பெரும்பாலோருக்கு உதவித்தொகை கிடைக்காத நாட்டில் சும்மா இருக்க யாருக்கும் வசதி கிடையாது. இங்கே உற்பத்திச் சரிவு வேலையின்மையாக வெளியே தெரிவதைவிடக் குறைந்த வருமானமுள்ள வேலையாகத்தான் தெரியும். நம்முடைய மிகத் தடித்த மெத்தை தொழுவமும் தோப்பும்தான். எனக்கு மனம் ஆறாத இடமும் இதுதான். அந்தப் பெண் விடிகாலை மூன்றரைக்கு எழுந்து பால் கறந்ததை "வேலையின்மை குறைந்தது" என்று நாம் வாசித்தோம்.

ஆகவே பிள்ளைகளிடம் விகிதத்தை மட்டும் கொடுக்காதீர்கள். அதன் பக்கத்தில் மாதச் சம்பளக்காரர் பங்கு, வார வேலை நேரம், கூலியில்லா உதவியாளர் பங்கு மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். மூன்றும் அதே அறிக்கையில் இருக்கின்றன.

மந்தநிலையை முன்கூட்டிச் சொல்வது பற்றி: முடியாது. ஓவர்டைம் முதலில் போகிறது, ஆள் கடைசியில்தான் போகிறான் என்று மேலே பார்த்தோம். வேலையின்மை பின்னால் வரும் வண்டி.

கேரளம் பற்றி: 2023-24இல் கேரளம் 7.2%, தமிழ்நாடு 3.5%. ஓகன் பேசுவது மாற்றத்தை, மட்டத்தை அல்ல. படித்தவர்கள் ஏற்ற வேலைக்குக் காத்திருப்பதால் வரும் மட்டத்தை இந்த விதி விளக்காது. ஆனால் உங்கள் ஊரில் மாநிலக் கணக்கை வைத்து இதைப் போட்டுப் பார்க்காமலிருக்க வேறொரு காரணம் உண்டு. கணக்கெடுப்பு ஆளை அவர் வீட்டில் எண்ணுகிறது, மாநில உற்பத்தி பொருளை அது செய்யப்பட்ட இடத்தில் எண்ணுகிறது. காலையில் வேலந்தாவளம் தாண்டிக் கோவைக்குப் போகிறவர் வார்க்கும் பம்ப் பாடி தமிழ்நாட்டின் உற்பத்தி. அவருக்கு வேலை போனால் கூடுவது கேரளத்தின் வேலையின்மை.

அன்புடன்.