பாஸ்வேர்டை மாற்றியும் அவருக்குத் தெரிகிறதே, ஏன்?

*"பிரிந்து இரண்டு மாதம் ஆகிறது. ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். ஆனாலும் கோத்தகிரியிலிருந்து நான் குன்னூர் போனால் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. பழைய டேப் அவரிடம் இருக்கிறது. என் சிம்மும் அவர் பெயரில்தான். என்ன செய்வது?" — வாசகி, கோத்தகிரி*

நீங்கள் எப்போதோ கூகுள் மேப்ஸில் இருப்பிடத்தை அவருக்குப் பகிர்ந்திருக்கக்கூடும். அது பாஸ்வேர்டோடு சம்பந்தப்பட்டதில்லை. நீங்களாக நிறுத்தும்வரை ஓடும். மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு `Location sharing` போங்கள். அவர் பெயர் இருந்தால் முதலில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, பிறகு நிறுத்துங்கள். நிறுத்தியது அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் கோபத்தில் ஏதாவது செய்வாரோ என்ற பயம் இருந்தால், பெண்கள் உதவி எண் 181-இல் பேசி ஒரு ஏற்பாடு செய்துகொண்டு பிறகு கை வையுங்கள்.

அடுத்து உங்கள் போனின் கைரேகைப் பட்டியலைப் பாருங்கள். அவர் விரலும் அதில் பதிவாகியிருந்தால் வேறு எதை மாற்றியும் பயனில்லை. எல்லா ரேகைகளையும் அழித்து, புது பின் வைத்து, உங்கள் விரலை மட்டும் திரும்பப் பதியுங்கள்.

இனி கூகுள் கணக்கு. பாதுகாப்புப் பகுதியில் `Your devices` பட்டியலில் அந்த டேப் இருந்தால் அதைத் தொட்டு `Sign out` கொடுங்கள். பாஸ்வேர்டை மாற்றினால் பெரும்பாலான கருவிகள் தானாக வெளியேறிவிடும். ஆனால் உள்நுழைவதை உறுதிசெய்யப் பயன்பட்ட கருவி தங்கிவிடலாம். அங்கேயே `Recovery phone`, `Recovery email` இரண்டையும் பாருங்கள். அவருடைய எண் அதில் இருந்தால், 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்று சொல்லியே அவர் உள்ளே வந்துவிடலாம். மாற்றிய பிறகும் ஏழு நாள்வரை பழைய எண்ணுக்குக் குறியீடு போக வாய்ப்புண்டு. அந்த வாரம் பாதுகாப்பு எச்சரிக்கை மெயில்களைத் தவறவிடாதீர்கள். வாட்ஸ்அப்புக்கு இந்த மாற்றம் எதுவும் எட்டாது. அதில் `Linked devices` தனியாகத் திறந்து, தெரியாததை வெளியேற்றுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது சிம்தான். அவர் பெயரில் இருப்பதால் அடையாள அட்டையைக் காட்டி டூப்ளிகேட் சிம் வாங்கிவிட முடியும். வாங்கினால் உங்கள் சிம் செத்து, ஓடிபி எல்லாம் அங்கே போகும். மலையில் சிக்னல் போவது சகஜம் என்பதால் இதைச் சட்டென்று கவனிக்க மாட்டீர்கள். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு மாதிரி எப்போதும் சிக்னல் கிடைக்கும் இடத்திலும் `No service` என்றே காட்டினால் சந்தேகப்படுங்கள். உங்கள் பெயரில் புது சிம் வாங்கி வங்கி, ஆதார், கூகுள் என்ற வரிசையில் எண்ணை மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் `Change number` கொடுத்து, ஆறு இலக்க `Two-step verification` பின்னும் வையுங்கள். பழைய சிம்மை இதெல்லாம் முடியும்வரை தூக்கிப்போட வேண்டாம்.

எஸ்டேட் பக்கம் ஓடிபி சமயத்துக்கு வராது என்பதற்காகப் பலர் வீட்டிலுள்ள இன்னொருவர் எண்ணைக் கொடுத்து வைப்பார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அதற்குப் பதில் கூகுளின் `Backup codes`-ஐ எடுங்கள். பத்துக் குறியீடுகள் கிடைக்கும், ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும், சிக்னலும் தேவையில்லை. தாளில் எழுதி, அவர் கை படாத இடத்தில் வையுங்கள்.