நாலு நிமிடம் மட்டும் வேலை செய்யும் மல்டிகாஸ்ட் வடிகட்டல்

கேள்வி: கடலூர் சிப்காட்டில் இருக்கிறது எங்கள் ஆலை. பம்ப் ஹவுஸில் 8 ரிமோட் ஐ.ஓ. சேர்த்த பிறகு எச்.எம்.ஐ. திணறுகிறது, ஒரு பழைய டிரைவ் அடிக்கடி கம்யூனிகேஷன் ஃபால்ட்டில் நிற்கிறது. மேனேஜ்டு ஸ்விட்ச் போட்டு ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங்கை ஆன் செய்தோம். பி.எல்.சி.யை ஆஃப் செய்து ஆன் செய்தால் நாலு நிமிடம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் பழைய கதைதான். ஸ்விட்ச் கோளாறா?

பதில்: ஸ்விட்சில் கோளாறு இல்லை. நெட்வொர்க்கில் குவெரியர் இல்லை, அவ்வளவுதான்.

உங்களுடையது ஈதர்நெட்/ஐ.பி. என்று வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு ஐ.ஓ.வும் 5 மில்லி விநாடிக்கு ஒரு பேக்கெட்டை மல்டிகாஸ்டில் அனுப்பினால், எட்டும் சேர்ந்து விநாடிக்கு 1,600. சாதாரண ஸ்விட்ச் அத்தனையையும் எல்லா போர்ட்டிலும் கொட்டும். பேக்கெட் 100 பைட் என்றாலும் சுமார் 1.3 எம்.பி.பி.எஸ்.தான், 100 எம்.பி.பி.எஸ். வயருக்கு அது ஒன்றுமேயில்லை. திணறுவது பழைய டிரைவின் சின்னப் பிராசஸர். தனக்குச் சம்பந்தமில்லாத பேக்கெட்டையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துத்தான் அது தூக்கிப் போடுகிறது.

ஸ்னூப்பிங் செய்யும் ஸ்விட்ச், எந்த போர்ட் எந்த மல்டிகாஸ்ட் குழுவைக் கேட்டது என்று ஒட்டுக்கேட்டுப் பட்டியல் போடுகிறது. பி.எல்.சி. இணைப்பைத் தொடங்கும்போது 'இந்தக் குழு எனக்கு வேண்டும்' என்று சொல்லும், ஸ்விட்ச் குறித்துக்கொள்ளும். பிறகு யாராவது 'இன்னும் வேண்டுமா?' என்று கேட்டால்தான் பி.எல்.சி. மறுபடி வாய் திறக்கும். அப்படிக் கேட்பதுதான் குவெரியரின் வேலை. கேட்க ஆளில்லாவிட்டால் பட்டியல் வழக்கமாக 260 விநாடியில் காலாவதியாகிவிடும், ஸ்விட்ச் மறுபடி எல்லா போர்ட்டிலும் கொட்டத் தொடங்கும். உங்கள் நாலு நிமிடக் கணக்கு இதுதான். பெரிய நெட்வொர்க்கில் ரவுட்டர் கேட்கும். ஆலைக்குள் பெரும்பாலும் ரவுட்டரே இருக்காது.

நடுவில் இருக்கும் ஒரு ஸ்விட்சில் குவெரியரை ஆன் செய்யுங்கள். அதே நெட்வொர்க்கில் அந்த ஸ்விட்சுக்கு ஐ.பி. முகவரி இருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். சிஸ்கோ வகை ஸ்விட்ச் என்றால்:

```
ip igmp snooping
ip igmp snooping querier
ip igmp snooping querier address 192.168.1.2
```

அடுத்து, காலியான போர்ட்டில் லேப்டாப்பைச் செருகி வயர்ஷார்க்கில் `igmp || udp.port == 2222` என்று போட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை 224.0.0.1-க்குக் கேள்வி வர வேண்டும். 2222 பேக்கெட் வரவே கூடாது. பத்து நிமிடமாவது பாருங்கள். நாலு நிமிடத்துக்குள் பார்த்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்று கிளம்பினால் மறுபடி ஏமாறுவீர்கள்.

குவெரியர் கேட்பதைக் கண்ணால் பார்க்கும்வரை, தெரியாத மல்டிகாஸ்டைத் தடுக்கும் அமைப்பைத் தொடாதீர்கள். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஓர் ஆலையில் நானே அவசரப்பட்டு அதை டிக் செய்தேன். பட்டியல் காலாவதியானதும் பி.எல்.சி.க்கு வர வேண்டிய பேக்கெட்டும் நின்று, லைன் முழுக்க நின்றது.

பம்ப் ஹவுஸில் இன்னும் சாதாரண ஸ்விட்ச்தான் என்றால், அதற்குள் வெள்ளம் குறையாது. அந்த டிரைவும் அதிலேயே இருந்தால் அந்த ஸ்விட்சையும் மாற்றித்தான் ஆக வேண்டும். ஐ.ஓ.க்களை ஒரே பி.எல்.சி.தான் படிக்கிறது என்றால் இன்னும் சுலபம்: ஐ.ஓ. மாட்யூல் அனுமதித்தால், பி.எல்.சி. மென்பொருளில் அந்த இணைப்பை யூனிகாஸ்டாக மாற்றிவிடுங்கள். நானாக இருந்தால் முதலில் அதைத்தான் செய்வேன்.