சீட்டில் இரண்டு வரி: நார்ச்சத்தைக் குறைக்கவா, கூட்டவா?

கேள்வி: என் வயது 61. நான்கு மாதங்களுக்கு முன் இடப்பக்க அடிவயிற்றில் கடும் வலியும் காய்ச்சலும் வந்தன. சி.டி. ஸ்கேன் எடுத்துப் பெருங்குடல் பைகளில் அழற்சி என்றார்கள். மருந்தில் சரியாகிவிட்டது. ஏழு வாரம் கழித்துச் செய்த கொலோனோஸ்கோப்பியில் பைகள் மட்டுமே இருந்தன, வேறொன்றும் இல்லை. புறநோயாளி சீட்டில் "நார்ச்சத்து குறைந்த உணவு" என்று ஒரு வரி. அதற்குக் கீழேயே "நார்ச்சத்து 30 கிராம், திரவம் 2 லிட்டர்" என்று இன்னொரு வரி. பயத்தில் இன்றுவரை வெள்ளைச் சோறும் வெள்ளை ரொட்டியும்தான் சாப்பிடுகிறேன். தக்காளியின் விதையைக்கூட எடுத்துவிடுகிறேன். மலம் மூன்று நாளுக்கு ஒருமுறை, உருண்டை உருண்டையாக, முக்கினால்தான் போகிறது. முழங்கால் வலிக்கு ஐபுப்ரோஃபென், சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எடுக்கிறேன். எந்த வரியைப் பின்பற்றுவது?

பதில்: இரண்டு வரியும் சரி. ஆனால் முதல் வரி நான்கு மாதங்களுக்கு முன்பே காலாவதியாகிவிட்டது. வலியும் காய்ச்சலும் இருந்த சில நாட்களுக்காக எழுதப்பட்டது அது. இரண்டாவது வரி அதற்குப் பிறகான நாட்களுக்கு. நடுவில் "வலி தீர்ந்த பின்" என்று மூன்று சொல் சேர்த்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. அவசரத்தில் நாங்கள் எழுதும் சீட்டுகளில் இப்படி விட்டுப்போவது உண்டு. பழி உங்கள் மேல் இல்லை.

பெருங்குடலின் தசைச் சுவரைத் துளைத்துக்கொண்டு சிறு இரத்தக் குழாய்கள் உள்ளே செல்கின்றன. அவை நுழையும் இடங்களில் தசை சற்றே பலவீனமாக இருக்கும். குடலுக்குள் அழுத்தம் கூடும்போது உட்புறச் சவ்வு அந்த இடங்களின் வழியே வெளியே பிதுங்கிச் சிறு பையாக நின்றுவிடுகிறது. இடப்பக்கம் கீழே, மலக்குடலுக்குச் சற்று முன்னால் வளைந்து கிடக்கும் சிக்மாய்டு பகுதி குறுகலானது. அங்கே அழுத்தம் அதிகம். மலம் சிறுத்து இறுகியிருந்தால் அதை நகர்த்தக் குடல் இன்னும் இறுக்கிப் பிழிய வேண்டியிருக்கிறது. நார்ச்சத்து மலத்தைப் பெரிதாக்கி மென்மையாக்குவதால் அந்தச் சிரமம் குறைகிறது. ஏற்கெனவே உண்டான பைகளை அது மறையவைக்காது. ஆனால் நார்ச்சத்து அதிகம் சாப்பிடுபவர்களுக்கு அழற்சி வரும் வாய்ப்பு குறைவு என்று பெரிய கண்காணிப்பு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

விதைகளைப் பற்றிய பயம் உங்களுக்கு மட்டும் உள்ளதல்ல. விதை பைக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும் என்று மருத்துவர்களே பல பத்தாண்டுகள் சொல்லிவந்தோம். அதற்குச் சான்று எதுவும் இல்லை. கேட்பதற்குப் பொருத்தமாக இருந்தது, அவ்வளவுதான். 2008-இல் வெளியான ஓர் ஆய்வு 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 18 ஆண்டுகள் கவனித்தது. கொட்டைப் பருப்புகளும் பாப்கார்னும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு அழற்சி கூடவில்லை. சற்றுக் குறைவாகவே இருந்தது. ஆகவே தக்காளியை விதையோடு சாப்பிடலாம்.

இப்போது உங்கள் தட்டுக்கு வருகிறேன். ஒரு கோப்பை வெள்ளைச் சோற்றில் நார்ச்சத்து 1 கிராம்கூடத் தேறாது. வெள்ளை ரொட்டித் துண்டு ஒன்றில் ஏறக்குறைய முக்கால் கிராம். முட்டை, மீன், தயிர், பால் ஆகியவற்றில் அறவே இல்லை. நாளுக்கு இரண்டு கோப்பை சோறு, நான்கு துண்டு ரொட்டி, தோல் சீவிய ஓர் உருளைக்கிழங்கு என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு 6 அல்லது 7 கிராமோடு நின்றுவிடும். வேண்டியது 25 முதல் 30 கிராம். உங்கள் மலச்சிக்கலுக்குப் பெரிய காரணம் இந்த இடைவெளிதான்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே 30 கிராமுக்குத் தாவிவிடாதீர்கள். குடலில் பழைய மலம் இறுகிக் கிடக்கும்போது அதன் மேல் நார்ச்சத்தைக் கொட்டினால் வயிறு உப்பும், முறுக்கும். "நார்ச்சத்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று பழைய உணவுக்கே திரும்பிவிடுவீர்கள். வழியை அடைத்திருப்பதை முதலில் இளக்க வேண்டும். அதற்கு நான் வழக்கமாக எழுதுவது மேக்ரோகால் பொடி: 17 கிராமை ஒரு பெரிய தம்ளர் தண்ணீரில் கரைத்து நாளுக்கு ஒருமுறை. இது குடலைத் தூண்டி விரட்டாது. தண்ணீரை மலத்திலேயே பிடித்துவைக்கும். வேலை செய்ய ஒன்று முதல் மூன்று நாள் ஆகும், முதல் நாள் பலனில்லை என்று அளவைக் கூட்ட வேண்டாம். மலம் தண்ணீராகப் போனால் அளவைக் குறைக்கலாம். மென்மையாக, வாழைப்பழம்போல் வரத் தொடங்கினால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். உங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். சிறுநீரக நோயோ குடல் அடைப்பு வந்த வரலாறோ இருந்தால் அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு வாரத்துக்கு ஏறக்குறைய 5 கிராம் வீதம் ஏற்றுங்கள். முதல் வாரம் காலையில் 40 கிராம் ஓட்ஸ், கூட ஒரு துண்டு முழுக்கோதுமை ரொட்டி: 6 கிராம் கூடிவிட்டது. இரண்டாம் வாரம் ஒரு வாழைப்பழமும் அரைக் கோப்பை வெந்த கேரட்டும்: இன்னொரு 5. மூன்றாம் வாரம் அரைக் கோப்பை வேகவைத்த பருப்பு அல்லது கொண்டைக்கடலை: 6 அல்லது 7. நான்காம் வாரம் தோலோடு ஓர் ஆப்பிள்: 4. கணக்கு 28-ஐ நெருங்கிவிடும். ஒரு வாரம் வயிறு உப்பினால் பின்வாங்க வேண்டாம். அதே படியில் இன்னொரு வாரம் நில்லுங்கள். பருப்பு வகைகளில்தான் வாயு அதிகம், அதனால்தான் அதை மூன்றாம் வாரத்துக்குத் தள்ளினேன்.

உணவில் முடியவில்லை என்றால் இசப்கோல் என்ற நார்ச்சத்துப் பொடி. ஒரு தேக்கரண்டியை ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரில், அதாவது 250 மி.லி.யில், கலந்தவுடன் குடித்துவிட வேண்டும். தம்ளரை ஐந்து நிமிடம் மேசையில் வைத்துப் பாருங்கள்: கூழாகத் திரண்டிருக்கும். தண்ணீர் போதாமல் விழுங்கினால் அதுவே தொண்டையிலோ உணவுக்குழாயிலோ நடக்கும். படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி இருக்கட்டும்.

சீட்டில் உள்ள 2 லிட்டர் திரவம் இதற்குத் துணை. நார்ச்சத்து இல்லாமல் தண்ணீரை மட்டும் கூட்டினால் பெரும்பாலும் சிறுநீர்தான் கூடும். தேநீர், பால், சூப் எல்லாம் கணக்கில் சேரும். இதயச் செயலிழப்பு அல்லது சிறுநீரக நோய்க்காக உங்களுக்குத் திரவக் கட்டுப்பாடு விதித்திருந்தால் அந்த அளவே செல்லும், இந்த 2 லிட்டர் அல்ல.

இவ்வளவும் செய்து, மலம் மென்மையான பிறகும் முக்க வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். முழுதாகப் போகவில்லை என்ற உணர்வு, விரலால் உதவ வேண்டிய நிலை இருந்தால் கோளாறு வேறு இடத்தில் இருக்கலாம். மலம் கழிக்கும்போது தளர வேண்டிய இடுப்படித் தசை சிலருக்கு இறுகுகிறது. கூச்சம் வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆசனவாயில் விரலால் பரிசோதிக்கும் இரண்டு நிமிடத்தில் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதற்கு நார்ச்சத்து தீர்வல்ல, தசைப் பயிற்சிதான் தீர்வு.

உங்கள் கேள்வியில் என்னை அதிகம் உறுத்தியது கடைசியில் சொன்ன இரண்டு மாத்திரைகள். ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் குடல் பைகளில் இரத்தக் கசிவுக்கும் ஓட்டை விழுவதற்கும் உள்ள அபாயத்தைக் கூட்டுகின்றன. முழங்காலுக்கு முதலில் பாரசிட்டமாலையோ மேலே தடவும் களிம்பையோ முயலலாம் என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை மலத்தை இறுக்கும், கருப்பாக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தால் சிலருக்கு எளிதாக இருக்கும், அதையும் கேட்டு மாற்றுங்கள். ஆனால் அதைவிட முக்கியம், சோகை ஏன் வந்தது என்பது. குடல் பைகளின் இரத்தக் கசிவு பெரும்பாலும் வலியில்லாமல், திடீரென்று, கண்ணில் படும் அளவுக்கு வரும். மாதக்கணக்கில் கமுக்கமாகக் கசிந்து சோகையை உண்டாக்குவது அவற்றின் இயல்பல்ல. ஐபுப்ரோஃபென் இரைப்பையில் உண்டாக்கும் புண்ணின் இயல்பு அது. உடலில் இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்தார்களா, மேல்வயிற்று எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டியிருக்கிறதா என்று அடுத்த முறை கேளுங்கள். சோகையைக் குடல் பைகள் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம்.

இனி முதல் வரி எப்போது உயிர்பெறும் என்று பார்க்கலாம். மலச்சிக்கல் வலி பிசையும், அலையலையாக வரும், மலமோ வாயுவோ போனால் தணியும். அழற்சி வலி ஓரிடத்தில் நிலைத்து நிற்கும். விரலை வைத்துக் காட்டலாம். இருமினாலும் வண்டி குலுங்கினாலும் குத்தும். மலம் போனாலும் அப்படியே இருக்கும். காய்ச்சலும் கூட வரலாம். அப்படி வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். இலேசானதுதான் என்று அவர் உறுதிசெய்து வீட்டிலேயே இருக்கச் சொன்னால் இசப்கோலை நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று நாள் வடிகட்டிய சூப், சக்கையில்லாத பழச்சாறு, தேநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் என்று போங்கள். இது குடலைக் குணப்படுத்தும் மருந்தல்ல, வலிக்கும் வயிற்றுக்கு ஆறுதல், பசித்தால் சாப்பிடலாம். வலி குறையக் குறைய வெள்ளைச் சோறு, ரொட்டி, முட்டை, மீன். வலி முழுதும் போனதும் மேலே சொன்ன வாரப் படிகளில் மறுபடி ஏறுங்கள். நீங்களாகப் பேதி மாத்திரையோ எனிமாவோ எடுக்காதீர்கள். நோய்க்கிருமிக் கொல்லி எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. அதை எழுதவில்லை என்பதற்காக மருத்துவர் அலட்சியப்படுத்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

இரண்டு மூன்று நாளில் தெளிவான முன்னேற்றம் இல்லையென்றால் திரும்பப் போக வேண்டும். வாந்தியால் தண்ணீர்கூட நிற்காவிட்டால், வயிறு பலகைபோல் விறைத்தால், வாயுவே போகாமல் நின்றால், குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறினால், சிவப்பு இரத்தம் போனால் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். இன்னொன்று, யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்: சிறுநீரோடு காற்றுக் குமிழ்கள் வருவது. குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே வழி விழுந்திருக்கலாம். வலியே இல்லாவிட்டாலும் அந்த வாரத்திலேயே காட்டுங்கள். நீங்கள் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவராக இருந்தால் இந்த அறிகுறிகள் எல்லாம் மங்கித் தெரியும். அப்போது இலேசான வலிக்கும் காத்திருக்கக் கூடாது.